மண்சட்டி, பீங்கான் ஜாடி, கண்ணாடி டம்ளர்: உடைசலை விலையில் சேர்ப்பது எப்படி?

மதுரையில் மண்பாண்டமும் பீங்கானும் விற்கிற கடை எங்களுடையது. சட்டி, பானை எல்லாம் பக்கத்தில் மானாமதுரையிலிருந்து வேனில் வரும். ஊறுகாய் ஜாடியும் கப்பும் உத்தரப் பிரதேசத்துக் குர்ஜாவிலிருந்து லாரி ஏறி வரும். புதிதாகக் கடை போடுகிறவர்கள் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். கணக்கு புரிய வேண்டும் என்பதற்காக ரூபாயை முழு எண்ணாக வைத்திருக்கிறேன். உங்கள் பில்லில் உள்ள எண்ணைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நூற்றுக்குப் பத்து உடைகிறது. விலையில் பத்து சதவீதம் ஏற்றினால் சரியாகிவிடும்தானே?

ஆகாது, துண்டு விழும். 100 சட்டி, ஒன்று 100 ரூபாய் என்று 10,000 ரூபாய்க்கு வாங்குகிறீர்கள். பத்து உடைந்து 90 மிஞ்சுகிறது. பத்து சதவீதம் ஏற்றி 110 ரூபாய் என்று வைத்தால் 90 சட்டிக்கு 9,900 ரூபாய்தான் வரும். போட்ட முதலில் 100 ரூபாய் காணோம்.

ஏற்றுவதற்குப் பதிலாக வகுக்க வேண்டும். கொடுத்த மொத்தப் பணத்தை, விற்கத் தகுந்த நிலையில் மிஞ்சுகிற உருப்படிகளின் எண்ணிக்கையால் வகுங்கள். 10,000-ஐ 90-ஆல் வகுத்தால் 111 ரூபாய் 11 காசு. அதுதான் ஒரு நல்ல சட்டியின் உண்மையான அடக்கம்.

ஒரு ரூபாய் வித்தியாசத்துக்கு இவ்வளவு பேச்சா என்று தோன்றும். பெரிய தண்ணீர்ப் பானைக்கு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். நூற்றுக்கு 25 போகிற சரக்கில் 25 சதவீதம் ஏற்றினால் 125 ரூபாய். நிஜ அடக்கமோ 133 ரூபாய்க்கு மேல். பானைக்கு எட்டு ரூபாய் கையை விட்டுப் போகிறது, அதுவும் லாபம் வைப்பதற்கு முன்னாலேயே.

ஒரு ஜாடிக்கு முழுக் கணக்கையும் போட்டுக் காட்டுங்களேன்.

இரண்டு கிலோ பிடிக்கிற பீங்கான் ஊறுகாய் ஜாடி 120 வாங்குவதாக வைத்துக்கொள்வோம். பில்லில் ஒன்று 180 ரூபாய், ஆக 21,600. பேக்கிங் செலவு 900. லாரி வாடகை 3,300. லாரி செட்டிலிருந்து கடைக்குக் கொண்டுவர வண்டி, இறக்கு கூலி எல்லாம் சேர்த்து 600. மொத்தம் 26,400 ரூபாய், அதாவது ஜாடிக்கு 220. பலர் 180-ஐயே அடக்க விலை என்று நினைத்துக் கணக்குப் போடுகிறார்கள். முதல் சறுக்கல் அங்கேதான். உடைந்த ஜாடிக்கும் சேர்த்துத்தான் லாரிக்காரருக்கு வாடகை கொடுத்தோம் என்பது மறந்துபோகிறது.

வழியில் சராசரியாக நூற்றுக்கு 8, கடைக்குள் நூற்றுக்கு 4 போகிறது என்று உங்கள் நோட்டுப் புத்தகம் சொல்கிறது என்று வையுங்கள். 120-இல் வழியில் தப்பிப்பது ஏறக்குறைய 110. கடையில் உடைவது அந்த 110-இலிருந்துதான். அதில் நான்கு சதவீதம் போனால் 106 மிஞ்சும். 26,400-ஐ 106-ஆல் வகுத்தால் 249 ரூபாய்.

இனி லாபம். வாடகை, சம்பளம், கரன்ட் பில் எல்லாவற்றுக்கும் விற்பனையில் 35 சதவீதம் வேண்டும் என்றால் 249-ஐ 0.65-ஆல் வகுக்க வேண்டும். 383 வரும். 385 என்று ஸ்டிக்கர் ஒட்டலாம். பில் விலை 180-உடன் பாதியைக் கூட்டி 270 என்று வைக்கிறவர் ஜாடிக்கு 90 ரூபாய் மிச்சம் என்று நம்பிக்கொண்டிருப்பார். அவருக்கு நிற்பது 21 ரூபாய். அதில்தான் கடை வாடகை கொடுக்க வேண்டும்.

எங்கள் கடையில் எத்தனை சதவீதம் உடைகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு நீள நோட்டு போதும். ஒவ்வொரு லோடு வரும்போதும் தேதி, லாரி ரசீது எண், பொருள், வந்தது எத்தனை, முழுசாக உடைந்தது எத்தனை, விளிம்பு போனது எத்தனை என்று ஒரு வரி. கடைக்குள் ஏதாவது உடைந்தால் அதற்குத் தனி வரி, பக்கத்தில் எங்கே உடைந்தது என்று ஒரு சொல். ‘மேல் ரேக்’, ‘பில் போடும் மேசை’, ‘துடைக்கும்போது’ என்று எழுதினால் போதும்.

ஒரே ஒரு லோடை வைத்து முடிவுக்கு வராதீர்கள். உண்மையான உடைசல் நூற்றுக்கு ஐந்து என்றே இருந்தாலும், 120 உருப்படி உள்ள லோடில் ஒரு தடவை மூன்றும் இன்னொரு தடவை பத்தும் உடைவது சகஜம். அதோடு பீங்கான் ஒவ்வொன்றாக உடைவதில்லை, ஒரு பெட்டி கீழே விழுந்தால் கொத்தாகப் போகும். ஆகவே ஏழெட்டு லோடு எழுதி, மொத்தம் வந்ததையும் மொத்தம் உடைந்ததையும் கூட்டி, அப்புறம் சதவீதம் எடுங்கள். அதுவரை கொஞ்சம் கூடுதலாகவே ஊகித்து விலை வையுங்கள். பிறகு குறைத்தால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள்.

நோட்டில் எழுதாமல் போகிற உடைசலும் உண்டு. ஆரம்பத்தில் நாங்கள், உடைத்த பையனின் சம்பளத்தில் பிடித்தோம். ஆறு மாதத்தில் நோட்டில் உடைசலே இல்லை. எனக்கு ஒரே பெருமை. ஆயுத பூஜைக்குக் கடையைக் கழுவும்போது பின்பக்கம் படிக்கட்டுக்குக் கீழே ஒரு சாக்கு. பிரித்தால் கப்பும் ஜாடி மூடியும் சில்லு சில்லாக. அன்றோடு பிடித்தத்தை நிறுத்தினோம். உடைந்ததைக் கொண்டுவந்து காட்டினால் போதும், திட்டு கிடையாது. இருந்தும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை சரக்கை எண்ணுகிறோம். முதலில் இருந்ததோடு வந்ததைக் கூட்டி, விற்றதைக் கழித்தால் ரேக்கில் இருக்க வேண்டிய எண் வரும். இருப்பது அதற்குக் குறைந்தால் மிச்சம் உடைந்ததோ களவு போனதோ. எதுவானாலும் கடை உடைசல் கணக்கில்தான் சேர்க்கிறோம்.

எல்லாப் பொருளுக்கும் ஒரே சதவீதம் போட்டால் வேலை சுலபம்தானே?

சுலபம்தான், ஆனால் நஷ்டம். கனமான கப் நூற்றுக்கு மூன்று உடைகிறது, பெரிய தண்ணீர்ப் பானை இருபது உடைகிறது என்று வையுங்கள். இரண்டுக்கும் எட்டு என்று போட்டால் கப் விலை தேவையில்லாமல் ஏறும், பானை விலை அடக்கத்துக்குக் கீழே இறங்கும். வாங்க வருகிறவர்கள் கணக்கில் புலிகள். கப்பை அடுத்த கடையில் வாங்கிக்கொண்டு பானைக்கு மட்டும் உங்களிடம் வருவார்கள். பானை விற்க விற்கக் கை கடிக்கும்.

நூறு பொருளுக்கு நூறு சதவீதம் வேண்டாம். கனமான சிறியவை, கைப்பிடியும் மூக்கும் உள்ளவை, மெல்லிய கண்ணாடி, பெரிய பானைகள் என்று நான்கு கூட்டமாகப் பிரித்தால் போதும்.

செட்டாக விற்கிற டம்ளரில் ஒன்றுதான் உடைகிறது. அதற்கு எப்படிக் கணக்கு?

இதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். நூறு டம்ளருக்கு மூன்றுதான் உடைகிறது என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆறு டம்ளர் செட்டில் ஆறுமே தப்பினால்தான் அது செட். அதற்கான வாய்ப்பு 0.97-ஐ ஆறு தடவை பெருக்கினால் வருவது, சுமார் 0.83. அதாவது நூறு செட்டில் பதினேழு செட் ஊனமாகிறது.

தப்பிக்க வழி உண்டு. ஒரே டிசைனில் வாங்கியிருந்தால் ஊனமான செட்டுகளைப் பிரித்து மறுபடி ஆறு ஆறாகச் சேர்க்கலாம். நூறு செட் என்றால் 600 டம்ளர். 18 உடைந்தால் 582. அதில் 97 செட் தேறும். 17 செட் நஷ்டம் 3 செட் நஷ்டமாகிவிடும். அதனால் நாங்கள் ஒரு டிசைனில் ஐந்து செட், பத்து செட் என்று எடுப்பதை விட்டுவிட்டோம். டிசைன் குறைவு, எண்ணிக்கை அதிகம். காலிப் பெட்டி பத்துப் பதினைந்து கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொள்கிறோம், ஏனென்றால் நசுங்கிய பெட்டியில் நல்ல டம்ளரை வைத்தாலும் யாரும் தொடுவதில்லை.

ஜாடிக்கு மூடி கதையும் இதேதான். ஜாடி பிழைத்து மூடி உடைந்தால் ஜாடியும் வீண். 100 ஜாடிக்கு 6 மூடி கூடுதலாகப் போடச் சொல்லுங்கள். பழகிய வியாபாரி சில நேரம் கொசுறாகவே தருவார். விலையில் நூறு ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுவதைவிட மூடிக்குப் பேரம் பேசுவது லாபம்.

ஒரு பெட்டி முழுக்க நொறுங்கி வந்தது. அந்த நஷ்டத்தையும் விலையில் ஏற்றலாமா?

வேண்டாம். எப்போதும் போகிற உடைசல் வேறு, விபத்து வேறு. வழக்கமான உடைசலை நல்ல உருப்படிகள் தாங்க வேண்டும், விபத்து நஷ்டத்தைத் தனியாக நஷ்டக் கணக்கில் எழுத வேண்டும் என்பதுதான் அடக்கவிலைக் கணக்கியலிலும் முறை. விபத்தை விலையில் ஏற்றினால் ஒரு மாதம் ஜாடி 385, அடுத்த மாதம் 430, அப்புறம் மறுபடி 385 என்று ஆடும்.

அந்த நஷ்டத்தைக் கேட்டு வாங்க வேண்டிய இடம் லாரி செட். சரக்கை எடுக்கும்போதே பெட்டி நசுங்கியிருந்தால், ஆட்டினால் உள்ளே சலசலவென்று சத்தம் கேட்டால், கையெழுத்துப் போடுமுன் டெலிவரித் தாளில் ‘இத்தனை பெட்டி சேதம்’ என்று எழுதிவிடுங்கள். அங்கேயே போட்டோ எடுங்கள். சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2007-இன்படி, வழக்குப் போடுவதற்கு முன் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். அதுவும் சரக்கு புக்கான நாளிலிருந்து 180 நாளுக்குள். டெலிவரி எடுத்த நாளிலிருந்து எண்ணிவிடாதீர்கள். கூடுதல் ரிஸ்க் கட்டணம் கட்டி புக் செய்யாத சரக்குக்கு லாரிக்காரரின் பொறுப்பு வாடகையைப் போல் பத்து மடங்கு வரைதான், அதுவும் அறிவித்த மதிப்பைத் தாண்டாமல். மேலே சொன்ன ஜாடி லோடில் வாடகை 3,300 என்பதால் வரம்பு 33,000, சரக்கு மதிப்போ 21,600. அதனால் பிரச்சினை இல்லை. எடை குறைந்து விலை கூடிய கண்ணாடிச் சரக்கில்தான் இந்த வரம்பு இடிக்கும்.

நடைமுறையில் இரண்டு மூன்று ஜாடிக்காக யாரும் நோட்டீஸ் அனுப்புவதில்லை, நாங்களும் அனுப்புவதில்லை. அதற்குத்தான் விலையில் அந்த எட்டு சதவீதம். பெட்டி பெட்டியாகப் போனால் மட்டும் கேட்போம். இன்சூரன்ஸ் எடுப்பவர்கள், உடைசல் அதில் சேருமா, முதலில் எவ்வளவு நஷ்டம் நம் தலையில் என்று பாலிசியில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த எக்செஸ் தொகைக்குள் அடங்குகிற உடைசலுக்கு ஒரு ரூபாயும் வராது.

உடைசலைக் குறைக்க முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

உடைந்த பெட்டியைத் தூக்கிப் போடுமுன் அதையே உட்கார்ந்து பாருங்கள். அடி வரிசை மட்டும் உடைந்திருந்தால் பெட்டி கீழே போடப்பட்டிருக்கிறது. மேல் வரிசை மட்டும் என்றால் மேலே பாரம் ஏற்றியிருக்கிறார்கள். ஓரத்து உருப்படிகள் என்றால் வைக்கோல் இறங்கி இடைவெளி விழுந்து, ஆடி ஆடி மோதியிருக்கின்றன. கப்பின் கைப்பிடி மட்டும் ஒடிந்திருந்தால், கைப்பிடி பெட்டிச் சுவரைப் பார்த்தபடி அடுக்கியிருக்கிறார்கள். உள்பக்கம் திருப்பி வைக்கச் சொன்னால் தீர்ந்தது.

லாரி ஓடும்போது உடைவதைவிட ஏற்றி இறக்கும்போது உடைவதே அதிகம். சில்லறைச் சரக்காக புக் செய்தால் நடுவில் இரண்டு மூன்று குடோனில் வண்டி மாறும், ஒவ்வொரு குடோனிலும் பெட்டி இரண்டு தடவை கை மாறும். பக்கத்துக் கடைக்காரரோடு சேர்ந்து ஒரே வண்டியில் நேராகக் கொண்டுவந்தால் வாடகை கொஞ்சம் கூடலாம். ஜாடிக் கணக்கில் எட்டு நான்காகக் குறைந்தால் 120-இல் ஐந்து ஜாடி மிச்சம், அதாவது ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். கூடுதல் வாடகை அதற்குக் கீழே இருந்தால் எடுத்துக்கொள்ளலாம்.

விளிம்பு போனதை, கீறல் விழுந்ததை என்ன செய்வது?

முதலில் தட்டிப் பாருங்கள். உள்ளங்கையில் வைத்து விரல் முட்டியால் தட்டினால் நல்ல சட்டி கணீரென்று சொல்லும். விரிசல் உள்ளது ‘டொக்’கென்று அடங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத விரிசலும் காதுக்குத் தெரியும். விரிசல் உள்ளதைச் சமையலுக்கு விற்கக் கூடாது, செடி வைக்கத்தான். விளிம்பு போன கப்பையும் ‘பேனா வைக்க’ என்று சொல்லியே கொடுக்கிறோம்.

இதில் வருகிற காசை அடக்கத்திலிருந்து கழிக்கலாம். ஜாடி லோடில் வீணான பதினாலில் நான்கு விளிம்பு மட்டும் போனவை, 100 ரூபாய்க்குப் போயின என்றால் 26,400-இல் 400-ஐக் கழித்து 106-ஆல் வகுங்கள், 245 வரும். ஆனால் கைக்கு வந்த காசை மட்டும் கழியுங்கள். மூலையில் தூசி படிந்து கிடக்கிற சேதச் சரக்குக்கு மதிப்பே கிடையாது.

வாங்க வந்தவர் கை தவறி உடைத்தால் காசு கேட்கலாமா?

இது ஆளுக்கு ஆள் மாறும். இப்போது நான் கேட்பதில்லை. முன்பு ஒரு தடவை ஒரு அக்கா மூன்று குழம்புச் சட்டியை எடுத்து வைத்துவிட்டுத் திரும்பினார், தோள்பை பட்டு ரேக் ஓரத்திலிருந்த ஜாடி விழுந்தது. காசு கேட்டேன், கொடுத்தார். ஆனால் சட்டி மூன்றையும் வைத்துவிட்டுப் போய்விட்டார். அப்புறம் அவர் எங்கள் தெருப்பக்கமே வந்ததாகத் தெரியவில்லை. ஜாடியை இடுப்பு உயரத்தில் ரேக் ஓரத்தில் வைத்தது என் தப்புதான். இப்போது ஜாடி எல்லாம் தரையில், நடைபாதை இரண்டு பேர் ஒதுங்கிப் போகிற அகலம். மிச்சம் உடைவதற்குத்தான் அந்த நான்கு சதவீதம் இருக்கிறது. விலையில் ஏற்கனவே வாங்கிவிட்டு உடைத்தவரிடமும் வாங்குவது இரட்டை வசூல்.

‘சட்டி அடுப்பில் வெடித்துவிட்டது’ என்று திரும்பக் கொண்டுவந்தால்?

அதுவும் உடைசல்தான், நோட்டில் மூன்றாவது பத்தி போடுங்கள். புதுச் சட்டியைப் பழக்காமல் நேராகப் பெரிய தீயில் வைத்தாலும், சூட்டோடு பச்சைத் தண்ணீர் ஊற்றினாலும், சுடச்சுட ஈரத் திண்ணையில் இறக்கினாலும் விரிசல் விடும். முதல் நாள் தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, சிறு தீயில் கஞ்சித் தண்ணீர் காய்ச்சிப் பழக்கச் சொல்லி ஒரு துண்டுச் சீட்டு பையில் போட்டதிலிருந்து எங்களுக்குத் திரும்பி வருவது வெகுவாகக் குறைந்தது. முதல் சமையலிலேயே போனால் மாற்றிக் கொடுக்கிறோம். நாலு மாதம் கழித்து வந்தால் கிடையாது.

கூரியரில் அனுப்பினால் எவ்வளவு சேர்க்க வேண்டும்? நல்ல பேக்கிங் கட்டுப்படியாகுமா?

உடைந்தால் வேறு அனுப்புவீர்கள் என்றால், சட்டி, பெட்டி, கூரியர் மூன்றும் மறுபடி செலவு. ஆகவே மூன்றையும் கூட்டி, தப்பிக்கிற பங்கால் வகுக்க வேண்டும். சட்டி அடக்கம் 200, பெட்டி 40, கூரியர் 110, மொத்தம் 350. பத்துக்கு ஒன்று உடைந்தால் 350-ஐ 0.9-ஆல் வகுத்து 389 ரூபாய்.

கூடுதலாக 25 ரூபாய் செலவழித்து பெட்டிக்குள் பெட்டி வைத்தால் உடைசல் நூற்றுக்கு மூன்றாகிறது என்று வையுங்கள். 375-ஐ 0.97-ஆல் வகுத்தால் 387. இரண்டு ரூபாய்தான் மிச்சம், ஏறக்குறைய சமம். அதே பேக்கிங்கில் 600 ரூபாய் அடக்கமுள்ள பொருளைப் போட்டுப் பார்த்தால் 833 எங்கே, 799 எங்கே. விலை குறைந்த சரக்குக்கு இரட்டைப் பெட்டி, பணத்தைவிட ‘உடைஞ்சு வந்திருக்கு’ என்கிற போன் குறைவதற்குத்தான்.

உடைந்த சரக்குக்குக் கட்டிய ஜி.எஸ்.டி. என்ன ஆகும்?

வாங்கும்போது கட்டிய வரியை விற்பனை வரியில் கழித்துக்கொள்கிறோம் அல்லவா, உடைந்து அழிந்த சரக்குக்கு அந்தக் கழிவு கிடையாது. மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5)(h) பிரிவு அப்படித்தான் சொல்கிறது. எடுத்திருந்தால் திருப்பிக் கட்ட வேண்டும். ஆக, உடைந்த ஜாடியின் வரியும் மிச்ச ஜாடிகள் தலையில்தான். அந்தத் தொகையை 26,400-உடன் கூட்டிவிட்டு வகுங்கள்.

பக்கத்துக் கடையில் அதே ஜாடி 320 ரூபாய். நான் 385 என்றால் யார் வாங்குவார்?

அவருடைய உடைசல் உங்களைவிடக் குறைவாக இருக்கலாம். வழியும் கடையும் சேர்த்து நூற்றுக்கு ஐந்து என்றால் அடக்கம் 232, அதே 35 சதவீதத்தில் விலை 356. அப்போதும் 320 வரவில்லை. இன்னும் மலிவாக வாங்குகிறார், அல்லது பில் விலையை வைத்துக் கணக்குப் போடுகிறார். இரண்டாவது என்றால் அவரைத் துரத்திக்கொண்டு ஓடுவதில் அர்த்தமில்லை. 320-க்கு விற்றால் உங்களுக்கு ஜாடிக்கு 71 ரூபாய் நிற்கும். கடை வாடகைக்கு அது போதுமா என்று பாருங்கள். எங்களுக்குப் போதவில்லை. இரண்டு கிலோ ஜாடியைப் பாதியாகக் குறைத்துவிட்டு ஒரு கிலோ ஜாடி அதிகம் எடுக்கிறோம். அது கனமாக, குள்ளமாக இருப்பதால் உடைவது குறைவு. பெரியது கேட்டு வருகிறவர்களுக்குத் தட்டிக் காட்டி 385 என்றே சொல்கிறோம். சிலர் வாங்குகிறார்கள், சிலர் பக்கத்துக் கடைக்குப் போகிறார்கள்.